ஜோடியாக வாருங்கள்

துணிக்கடைக்கார அக்காவுக்குத் தன் ஞாபகசக்தி மேல் கொஞ்சம் திமிர் உண்டு. வாடிக்கையாளர்களின் பிறந்தநாளுக்கும் கல்யாண நாளுக்கும் பதினோரு வருடம் அவளே நினைவு வைத்து வாழ்த்து அனுப்பினாள். போன மாதம்தான் அந்த வேலையைக் கம்ப்யூட்டரிடம் விட்டாள்.

இன்று டீச்சரம்மா வந்து போனை நீட்டினார். ‘இனிய திருமண நாள்! ஜோடியாக வாருங்கள், இருபது சதவீதம் தள்ளுபடி!’

அவர் கணவர் இறந்தது அக்காவுக்குத் தெரியும். அதன்பின் இளைத்த உடம்புக்கு ரவிக்கைகளைப் பிடித்துக் கொடுத்ததே அவள்தான். கம்ப்யூட்டரில் ஏற்றிய பட்டியலில் தேதியைத்தான் அழிக்கவில்லை.

“அதுவா அனுப்பிடுச்சும்மா, மன்னிச்சிடுங்க.”

“நான் ரெண்டு இஞ்ச் இளைச்சது உன் அளவு நோட்டுல ஏறியிருக்கு. அவர் போனது எதுலயும் ஏறலையா?”

டீச்சரம்மா படியிறங்கியதும் அந்தத் தேதியை அழித்தாள். பட்டியலில் இன்னும் நானூறு பேர் இருந்தார்கள். யாரிடம், என்னவென்று கேட்பது?