முதல் ரிசர்வ்காரிக்கு ஒரு மெசேஜ்

மாத்தளையில், பலாபத்வலைக்குப் பக்கத்தில் ஒரு தையல் தொழிற்சாலை. அங்கே ஆள் சேர்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். போனில் பேசச் சொன்னால் எனக்கு வராது. எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன். அதனால் தமிழ் மெசேஜ் எல்லாம் என் தலையில்தான் விழும்.

பொங்கல் முடிந்து, துணியின் தரம் பார்க்கும் வேலைக்கு இரண்டு பேரை எடுத்தோம். இடம் காலியானால் கூப்பிட மூன்று பேரை வரிசைப்படி ரிசர்வில் வைத்தோம். வழக்கமாக ரிசர்வ்காரர்களுக்கு "பிறகு அறிவிப்போம்" என்று மட்டும்தான் போகும். அதை நம்பி மாசக்கணக்கில் காத்திருப்பார்கள், வாரா வாரம் போன் எடுப்பார்கள். பதில் பேச வேண்டியது நான். இந்த முறை உள்ளதை எழுதினேன். முதல் ஆளுக்குப் போனது இது:

"ரிசர்வில் நீங்கள்தான் முதல் ஆள். தெரிவானவர்களில் ஒருவர் இரண்டு வாரத்துக்குள் வேலைக்கு வராவிட்டால் உங்களைக் கூப்பிடுவோம். இருவரும் வந்துவிட்டால், சித்திரை வருஷப் பிறப்பு லீவு முடியும்வரை இடம் கிடைக்காது. அதற்குப் பிறகும் நிச்சயமில்லை. வேறு வேலை கிடைத்தால் போங்கள். ஆறு மாதம் உங்கள் பெயர் இங்கே இருக்கும்."

மேனேஜர் சேர், இப்படிச் சொன்னால் நல்ல ஆட்கள் போய்விடுவார்களே என்றார். போகட்டும் சேர் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். தலையைச் சொறிந்துவிட்டு அனுப்பச் சொன்னார்.

மறுநாளே முதல் ரிசர்வ்காரி அண்ணனோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அண்ணன் கையில் ஒரு பை நிறைய அவகாடோ. இவ்வளவு விவரமாக எழுதியிருந்தால் ஏதோ எதிர்பார்க்கிறார்கள் என்றுதான் அர்த்தம் என்பது அவர் கணக்கு. யாரைப் பிடித்தால் காரியம் நடக்கும் என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"அப்படி எல்லாம் இல்லங்க. எழுதினது அவ்வளவுதான்."

அவளுக்கு இன்னொரு கவலை. மாத்தளை டவுனில் ஒரு புடவைக் கடையில் கூப்பிட்டிருக்கிறார்களாம், சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

"நான் என்னக்கா செய்யட்டும்?"

"கடைக்குப் போங்க. இங்க கிடைச்சா பார்ப்போம்."

"தொரத்துறீங்களேக்கா," என்று சிரித்தாள். அண்ணன் பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டார். ஒரு பழமாவது எடுங்கள் என்றார். எடுக்கவில்லை.

தெரிவான இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். அவள் கடைக்குப் போய்விட்டாள். வருஷப் பிறப்பு லீவுக்கு ஊருக்குப் போன, தரம் பார்க்கும் பிள்ளை ஒருத்தி திரும்பவில்லை. அப்படி யாராவது ஒருவர் வராமல் இருப்பது எங்களுக்கு வருஷா வருஷம் நடக்கிறதுதான். முதல் ரிசர்வ்காரிக்கு நானே போன் எடுத்தேன், சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொண்டு.

வருகிறேன் என்றாள். ஆனால் கடைக்காரர் வேறு ஆள் பார்க்க ஒரு வாரம் வேண்டுமாம். சேர் முணுமுணுத்தார். பிறகு சரி என்றார்.

இப்போது எங்கள் தையல் லைனில்தான் நின்று துணி பார்க்கிறாள். மற்ற இரண்டு ரிசர்வ்காரர்களுக்கும் அவள் சேர்ந்த அன்றே எழுதினேன்: ஒரு இடம் நிரம்பிவிட்டது, நீங்கள் ஒருபடி முன்னால் வந்துவிட்டீர்கள், அடுத்த இடம் எப்போது என்று எங்களுக்கே தெரியாது.