சென்னப்பன் லைனில் தொலைந்த பதினொன்று

"தொப்பூர் கணவாயில லாரி கவுரும். என் லைன்ல ஒரு பாக்கெட்டு கவுராது."

கடத்தூரில் இன்டர்நெட் ஆபீஸ் திறந்த அன்று சென்னப்பன் இப்படி முழங்கினார். நாம் பேசுவதும் பார்ப்பதும் பொடிப் பொட்டலங்களாகத்தான் லைனில் பயணம் போகின்றன, சில வழியில் தொலைந்தால் குரல் விக்கும் என்ற விவரம் தெரியாமல் ஊரார் கைதட்டினார்கள். தெரிந்திருந்தாலும் தட்டியிருப்பார்கள், கேசரி சூடாக இருந்தது.

இன்று நானூறு வீடுகளுக்கு அவர் லைன். புகார் வந்தால் அவரிடம் மூன்று பதில்கள் உண்டு: லேப்டாப் பழசு, சர்வர் பிரச்சனை, மழை. கோடையில் மூன்றாவதைச் சொல்ல மாட்டார். அந்த அளவுக்கு நேர்மையானவர்.

நானூறில் ஒரு வீடு காவியாவுடையது. அப்பா தொப்பூரில் கவிழ்ந்த லாரிகளில் ஒன்றை ஓட்டியவர். பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே போனில் பதில் சொல்லும் வேலை காவியாவுக்கு. அம்மா மாதம்மாளின் டயாலிசிஸ் அந்தச் சம்பளத்தில்தான் ஓடியது. ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அவள் குரல் விக்க ஆரம்பித்தது. "இன்னொரு தடவை போன் கால் அறுந்தால் வேலை இல்லை" என்று மேனேஜர் எழுதிவிட்டார்.

சென்னப்பன் பரிவாரத்தோடு, அதாவது ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு, வந்தார்.

"ரௌட்டர் எங்கம்மா?"

"பீரோவுக்குள்ளங்க."

"இரும்பு பீரோவுக்குள்ளயா! வைஃபைக்கு மூச்சு முட்டாதா?"

"வெலை ஒசந்த சாமானாச்சேப்பா" என்றார் மாதம்மாள், கட்டிலில் படுத்தபடியே.

சென்னப்பன் அதை வெளியே எடுத்து வைத்தார். பக்கத்து வீட்டு வைஃபைகளெல்லாம் ஒரே சேனலில் முட்டிக்கொண்டிருந்ததால் வேறு சேனலுக்கு மாற்றினார். செட்டிங்கில் நுழைந்து காவியாவின் லேப்டாப்புக்கு முதல் உரிமை கொடுத்தார். அதற்கு முன் நூறு பொட்டலம் அனுப்பினால் முப்பது தொலைந்தது, இப்போது பதினாலு.

"பாதிக்கு மேல கொறச்சிட்டன் பாத்தியா!"

"பதினாலு போனாலும் கால் அறுந்துரும்ணா. வயர் போட்டுப் பாக்கலாம்."

"வயரா? உலகமே வயர அத்துப் போட்டுட்டு இருக்குது, நீ புடிச்சு இழுக்கற."

தருமபுரியிலிருந்து கேபிளை அவளே வாங்கி வந்திருந்தாள். ரௌட்டரிலிருந்து லேப்டாப்புக்குச் செருகினாள். ரௌட்டர் வரைக்கும் நூறு அனுப்பினாள்: ஒன்றும் தொலையவில்லை. வெளியே நூறு அனுப்பினாள்: பதினொன்று காணோம்.

"சர்வர் பக்கம்மா அது."

"ஒங்க ஆபீஸ் மெஷினுக்கேதான் அனுப்புனேன்ணா. எங்க வூட்ல இருந்து அங்க வர்றதுக்குள்ளயே பதினொன்னு போயிருது."

சென்னப்பன் விட்டத்தைப் பார்த்தார். அங்கே பல்லி ஒன்று இருந்தது, அதுவும் உதவவில்லை.

"லைன்லதான் கோளாறுன்னு ஒரு லெட்டர் குடுங்கணா. திங்கக்கெழமைக்குள்ள குடுத்தா பாக்கறேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு."

"இன்னைக்கு நீ கேப்ப. நாளைக்கு நானூறு வூடும் கேக்கும். எம்பேரு என்னம்மா ஆவறது?"

பெயரைக் காப்பாற்றிக்கொண்டு கிளம்பினார். லைனைப் பார்க்கவும் போகவில்லை. பார்த்தால் கோளாறு இருப்பதாக ஒப்புக்கொண்டதாகிவிடுமே. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு ஒரு கால் அறுந்தது. பன்னிரண்டு மணிக்கு வேலை போய்விட்டது.

வியாழக்கிழமை யாரும் பார்க்காத மதிய வெயிலில் சென்னப்பன் காவியா தெருக் கம்பத்தில் ஏணி சாய்த்தார். ஆயுத பூஜைக்கு அவர் கையாலேயே அந்தக் கம்பத்தில் வாழைமரம் கட்டியிருந்தார். வாழை காய்ந்து சருகாகிவிட்டது. கயிறு மட்டும் இறுக்கமாக இருந்தது. அந்தக் கயிற்றின் பிடியில் தலைமயிர் கனத்துக் கண்ணாடி இழை ஓடும் அவருடைய ஃபைபர், முழங்கையாக மடிந்து கிடந்தது. மடங்கினால் உள்ளே ஓடும் வெளிச்சம் கசிந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுப்பவர் அவர். கயிற்றை அறுத்தார். மடிந்த துண்டை வெட்டி, புதிதாக ஒட்டினார்.

காவியா வீட்டுக்கு வந்து, தன் லேப்டாப்பில் அவள் வாங்கிய கேபிளைச் செருகினார். நூறு அனுப்பினார். நூறும் போய்ச் சேர்ந்தது. காவியா கம்பெனி லேப்டாப்பைத் திருப்பி அனுப்ப அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"சரியாயிருச்சாணா?"

"ம்."

"இனி யாருக்கு?" என்றார் மாதம்மாள்.

சென்னப்பன் தன் மூன்று பதில்களையும் ஓரம் கட்டினார். பையிலிருந்து ஆபீஸ் லெட்டர்பேடை எடுத்துத் தரையில் உட்கார்ந்து எழுதினார்: 'எங்கள் லைனில் நூற்றுக்குப் பதினொன்று வழியில் தொலைந்தது. பிழை என்னுடையது. இந்தப் பெண் மீது தவறில்லை.' முத்திரை குத்தினார். மை சரியாகப் பதியவில்லை என்று இன்னொரு முறை குத்தினார். காவியா வாங்கிப் படித்தாள். அடுத்த கம்பெனிக்காரன் கேட்டால் காட்டலாம் என்று மடித்து வைத்துக்கொண்டாள்.