மஞ்சள் நீராடிய வான்

காப்புறுதி மதிப்பீட்டாளருக்கு அனுப்ப வேண்டிய செய்தியை எழுதித் தரும்படி என் தங்கையின் மகன் கேட்டபோது, அது ஐந்து நிமிட வேலை என்றுதான் எண்ணினேன்.

அவன் தன் வான் வண்டியில் கந்தளாய்ப் பக்கமிருந்து தொழிலாளர்களை ஏற்றிவந்து துறைமுகத்தில் இறக்குபவன். வியாழக்கிழமை விடியுமுன், தெருவில் படுத்திருந்த மாடொன்று எழுந்து குறுக்கே ஓடியதில் வானின் முன்பம்பர் பிளந்தது. இடப்பக்க விளக்கும் ரேடியேற்றரும் உடைந்தன. மாடு நிற்கவில்லை. வானில் இருந்தவர்களை பஸ்ஸில் ஏற்றி அனுப்பும் அவசரத்தில் காப்புறுதி நிறுவனத்துக்கு அவ்விடத்திலிருந்தே அழைக்க மறந்துவிட்டான். வானைக் கட்டியிழுத்து உட்துறைமுக வீதியிலுள்ள கராஜுக்குக் கொண்டுவந்த பின்னரே அழைத்தான். அவர்கள் அவனைப் பொலிஸில் முறைப்பாடு பதியச் சொல்லி, மதிப்பீட்டாளரின் தொலைபேசி எண்ணைக் கொடுத்திருந்தனர். தொழிலாளர்களுக்குப் பொறுப்பான அதிகாரியோ, திங்கட்கிழமை வான் ஓடாவிட்டால் அந்த ஓட்டத்தை வேறொருவருக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஓட்டம் போனால் வானின் லீசிங் தவணைக்கு வேறு வழியில்லை.

இவ்வளவையும் செய்தியில் எழுத வேண்டும் என்பது அவன் விருப்பம். எழுதினேன், பின்பு வெட்டினேன். மாட்டைப் பற்றிய பகுதி முறைப்பாட்டில் இருந்தது. அதிகாரியைப் பற்றிய பகுதி மதிப்பீட்டாளருக்கு உரியதன்று. எஞ்சியது இதுதான்:

“வணக்கம். விபத்துக்குள்ளான வானை நாளை வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உட்துறைமுக வீதியில், ஐஸ் தொழிற்சாலைக்கு எதிரேயுள்ள கராஜில் பார்வையிடலாம். காப்புறுதிச் சான்றிதழ், வாகன வருமான அனுமதிப்பத்திரம், சாரதி அனுமதிப்பத்திரம், பதிவுப் புத்தகத்தின் பிரதி, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, கராஜின் செலவு மதிப்பீடு ஆகியன தயாராக இருக்கும். வான் விபத்து நடந்த நிலையிலேயே உள்ளது.”

பதில் உடனே வந்தது. “ஓகே. பத்து மணி. ஒண்டும் கழட்ட வேணாம்.”

வெள்ளிக்கிழமை ஒன்பது மணியளவில் அவனுடன் கராஜுக்குப் போனேன். கராஜ் முதலாளி உதிரிப்பாகம் விசாரிக்கக் கடைக்குப் போயிருந்தார். வானின் முன்னால் என் தங்கை நின்றாள். அவளுடைய கையில் ஒரு வாளி. வாளியின் அடியில் வேப்பிலை. வானிலிருந்து மஞ்சள் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா! என்ன செய்து வச்சிருக்கிறியள்?”

“ஏன் கத்துறாய்? வெள்ளிக்கிழமையெண்டு தோசம் போகக் கழிப்புக் கழிச்சனான். மாட்டில அடிச்ச வாகனத்தை அப்பிடியே விடலாமோ? மாட்டு மயிரெல்லாம் பம்பரில ஒட்டிக் கிடந்தது. பார்க்கவே பாவமாக் கிடந்தது. தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தனான்.”

அவன் கராஜ் வாசலில் கிடந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டான். மாட்டில் மோதியது என்பதற்கு வண்டியில் இருந்த ஒரே சான்று அந்த மயிர்தான். அதைவிட, ஒரு வீட்டுக் கேற்றில் உரசியதால் முன்பே உண்டாகி, சேற்றில் மறைந்திருந்த இடப்பக்கக் கதவின் கீறல், கழுவியபின் துருவோடு தெளிவாகத் தெரிந்தது. கராஜின் செலவு மதிப்பீட்டில் அந்தக் கதவும் இருந்தது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

நான் கைத்தொலைபேசியை எடுத்தேன்.

“பெரியம்மா, ஆருக்கு எழுதுறியள்?”

“மதிப்பீட்டாளருக்கு. விபத்து நடந்த நிலையிலேயே உள்ளதெண்டு எழுதியிருக்கிறம். அது இப்ப உண்மை இல்லை.”

“சும்மா இருங்கோ, பெரியம்மா. கழுவினதெண்டு அவருக்கு எப்பிடித் தெரியும்?”

“டயரைப் பார்,” என்றேன். டயரின் பள்ளங்களில் மஞ்சள் திட்டுத் திட்டாகத் தேங்கியிருந்தது.

“என்ர ஓட்டம் போகப் போகுது. நீங்கள் வசனத்தைத் திருத்துறியள்.”

நான் அனுப்பினேன். “வான் இன்று காலை கழுவப்பட்டுவிட்டது. எதுவும் கழற்றப்படவில்லை.” படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் தோன்றின. பதில் வரவில்லை. பத்து மணி கடந்தது. ஐஸ் தொழிற்சாலையிலிருந்து மீன் லொறிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் நிமிர்ந்து பார்த்தான்.

மதிப்பீட்டாளர் வந்தபோது கராஜ் முதலாளியும் திரும்பியிருந்தார். மதிப்பீட்டாளர் மூதூரைச் சேர்ந்தவர், நடுவயது. தலைக்கவசத்தைக் கழற்றியவுடன் வானைப் பார்க்கவில்லை; எங்களைப் பார்த்தார்.

“ஆர் கழுவினது?”

“நான்தான் தம்பி,” என்றாள் தங்கை. “சாமிக் காரியம்.”

“சாமிக்குக் காட்டுறதுக்கு முதல்ல எனக்குக் காட்டியிருக்கலாமே, அக்கா. நான் மஞ்சளா கேட்டன்? மாட்டையல்லவா கேட்டன்.”

முதலாளி சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

மதிப்பீட்டாளர் சேசிஸ் எண்ணைப் பதிவுப் புத்தகத்தின் பிரதியோடு ஒப்பிட்டார். பத்திரங்களின் காலாவதித் திகதிகளைப் பார்த்தார். நான்கு மூலைகளிலிருந்தும் படமெடுத்தார். பிறகு இடப்பக்கக் கதவின் கீறலை நகத்தால் சுரண்டினார். துருத் தூள் விரலில் ஒட்டியது.

“இது என்ன?”

அவன் முதலாளியின் பக்கம் திரும்பினான்.

“நேத்து அடிபட்டது இண்டைக்குத் துருப் பிடிக்காது, தம்பி. முன்னால பாஞ்ச மாட்டுக்கு இந்தக் கதவு எட்டவும் ஏலாது.” செலவு மதிப்பீட்டில் கதவு இருந்த வரியைப் பேனையால் வெட்டிக் கையொப்பமிட்டார். “இப்ப முன்பக்கத்துக்கு வருவம். நீங்க மாடெண்டு சொல்றீங்க. நான் பார்க்கிறது உடைஞ்ச பம்பர். மதிலாகவும் இருக்கலாம். கதவையும் சேர்த்துப் போட்ட ஆள் சொல்றத நான் எப்படி எழுதிற?”

தங்கை வாளியைக் கீழே வைத்தாள். செய்த காரியத்தின் பொருள் அவளுக்கு அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

“அந்த நேரம் படம் எடுக்கல்லையா?”

“இல்லை, சேர். ஆக்களை பஸ்ஸில ஏத்திற அவசரம்.”

“அந்த ஆக்கள் எடுத்திருப்பாங்களே. வேலைக்குப் பிந்தினா மேலாளுக்குக் காரணம் காட்டாம இருப்பாங்களா?”

அவன் அழைக்கத் தொடங்கினான். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாமவர் வேலைக்குள் இருந்தார். படம் எடுத்தவர் இன்னொருவர் என்றார். சற்று நேரத்தில் அவனுடைய தொலைபேசிக்குப் படம் வந்தது. முன்புறத்தில் ஒரு தொழிலாளியின் முகம். இரண்டு விரல்களை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய தோளுக்குப் பின்னால் உடைந்த விளக்கு. விளக்கின் விளிம்பில் செந்நிற மயிர்க்கற்றை. கீழே மேலாளருக்கு எழுதியது அப்படியே இருந்தது: “சேர் மாடு. லேட் ஆகும்.”

மதிப்பீட்டாளர் படத்தைப் பெரிதாக்கி நெடுநேரம் பார்த்தார். “இவர் என்னத்துக்குச் சிரிக்கிறார்?”

“அவர் அப்பிடித்தான் சேர். எப்பவும்.”

“இந்தப் படத்த எனக்கு அனுப்புங்க. கம்பனிக்கும் அனுப்போணும். மாட்டுக்கு நான் எழுதிறன்.” உடைந்த பாகங்களை முதலாளியிடம் ஒவ்வொன்றாகச் சுட்டினார். “பம்பர், லைட், ரேடியேற்றர். கம்பனி அனுமதி பின்னேரத்துக்குள்ள வரும். வந்த பிறகு துவங்குங்க. கழட்டின சாமான் ஒண்டையும் எறிய வேணாம், திரும்பப் பார்க்க வருவன்.” போகும்போது தங்கையிடம், “வாளியையும் பத்திரமா வச்சிருங்க, அக்கா,” என்றார்.

அனுமதி மாலையில் வந்தது. புதிய விளக்கும் ரேடியேற்றரும் ஞாயிறு பிற்பகல் பூட்டப்பட்டன. பம்பருக்கு நிறம் தீட்ட நேரமில்லை. திங்கட்கிழமை விடியுமுன் சாம்பல் நிற பம்பரோடும், கீறல் விழுந்த கதவோடும் வான் கந்தளாய்க்குப் புறப்பட்டது. கதவைத் தன் செலவில் பின்பு செய்வதாக அவன் சொன்னான், இன்னும் செய்யவில்லை. ஓட்டம் அவனிடமே இருக்கிறது.