தலைமையாசிரியருக்கும் ஒரு ஹால்

அமிர்தவல்லி படாளத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப்பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. வாய் கொஞ்சம் நீளம். தவளையை அறுப்பதுபோல ஆளையும் அறுப்பார் என்று ஓய்வறையில் சொல்வார்கள். காதில் விழுந்தால் சந்தோஷப்படுவார்.

1998 ஜனவரியில் பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் திருப்புதல் தேர்வு. மற்ற வகுப்புகளுக்கு வழக்கம்போல் பாடம். தலைமையாசிரியர் பக்தவத்சலம் தேர்வறைக் கண்காணிப்புக்கு, அதாவது ஹால் டூட்டிக்கு, பணிமூப்புப்படி வரிசையாக ஆள் போட்டிருந்தார். யாருக்கு எப்போது வகுப்பு என்று அவர் பார்க்கவில்லை. முதல் நாளே தமிழாசிரியர் துரை ஹாலில் நிற்க, அவருடைய எட்டாம் வகுப்பு ஆளில்லாமல் ஆடித் தீர்த்தது. கரும்பலகை விழுந்த சத்தத்தில் தேர்வெழுதியவர்கள் பேனாவை வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

அமிர்தவல்லி நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனார். “துரை இன்னா சாமியா சார், ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல காட்சி குடுக்க?”

“அவ்ளோ சுளுவா இருந்தா நீங்களே போட்டுக் குடுங்க டீச்சர்.”

போட்டார். கால அட்டவணையில் முதலில் பத்து, பன்னிரண்டு பீரியடுகளை அடித்தார். அந்தப் பிள்ளைகள் தேர்வில் இருப்பதால் அவர்களுக்குப் பாடம் எடுப்பவர்கள் அந்நேரம் சும்மா. தேர்வு நடக்கும் மூன்று மணி நேரமும் ஓய்வாக யாருமில்லை. ஆகவே ஒவ்வொரு பீரியடுக்கும் ஆள் மாற்றினார். கணக்குத் தேர்வன்று கணக்கு ஆசிரியர்களை ஹால் பக்கமே விடவில்லை. கடைசியில் புதன்கிழமை மூன்றாவது பீரியடுக்கு ஒரு ஹால் மிஞ்சியது. எல்லோருக்கும் வகுப்போ வேறு ஹாலோ இருந்தது. பக்தவத்சலத்துக்கு மட்டும் எதுவுமில்லை. அவர் பெயரை எழுதினார்.

“இன்னா டீச்சர், எம்பேரு கீது?”

“அந்த பீரியட்ல பள்ளிக்கூடத்துலயே நீங்க ஒருத்தருதான் சார் சும்மா கீறீங்க.”

எழுத்தர் குனிந்து ஃபைலுக்குள் சிரித்தார். பக்தவத்சலத்தின் காது சிவந்தது. ஆனாலும் போனார்.

அவர் நின்ற ஹாலில் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. மணியும் அடித்தது. அடுத்து வரவேண்டிய வரலாற்று ஆசிரியை ராஜம் வரவில்லை. மைதானத்துக்கு அப்பால், கடைசிக் கட்டடத்தில் ஏழாம் வகுப்பை முடித்துக்கொண்டிருந்தார். தேர்வெழுதும் பிள்ளைகளை விட்டு பக்தவத்சலத்தால் நகரவும் முடியாது, காலையில் குடித்த இரண்டு காபியோ நெருக்கியது. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். ராஜம் மூச்சிரைக்க வாசலில் தெரிந்ததும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார். எட்டாம் வகுப்பு ஜன்னலில் நின்று பார்த்தது.

மதியம் ஓய்வறைக்கு வந்தார். எல்லோரும் சிரிப்பை விழுங்கினார்கள். “டீச்சர், மாத்தறவங்க பக்கத்து வகுப்புல கீறவங்களா பாத்துப் போடுங்க. உயிரு போவுது.”

அமிர்தவல்லிக்குச் சுருக்கென்றது. அதை அவர் யோசிக்கவேயில்லை. “சரி சார்” என்று மட்டும் சொல்லி அன்றே மாற்றினார்.

அதன்பின் ஓய்வுபெறும் வரை அந்தப் பள்ளியில் எந்தத் தேர்வு வந்தாலும் ஹால் டூட்டி போடும் வேலை அவர் தலையில்தான் விழுந்தது. ஒவ்வொரு முறையும் ராஜத்திடம் புலம்புவார். “வாய மூடிகினு இருந்திருக்கலாம், ராஜம்.”

“உன்னால முடியாதுடி” என்பார் ராஜம்.