எட்டுச் சாம்பல் நிறங்கள்

வெள்ளம் வயல் வட்டையை மூடிய இரண்டாம் நாள். என் அண்ணனும் அவரோடு வயல் பார்க்கிறவரும் வயலின் தகரக் கூரைக் காவல் வாடியில் அகப்பட்டிருந்தார்கள். இருவருடைய போனும் ஓய்ந்துவிட்டது. வாவியின் மறுகரையில் இருந்து, என்னோடு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் நண்பர் ட்ரோன் விட்டுப் படம் எடுத்தார். சிக்னல் ஒரு கோடுதான். முழுப் படம் வராது.

"என்ர புரோகிராமில போட்டுச் சின்னதாக்கி அனுப்புங்கோ" என்று சொன்னவள் நான்தான். அது நீளத்திலும் அகலத்திலும் நாலு புள்ளிக்கு ஒன்றை மட்டும் எடுக்கும். இருநூற்று ஐம்பத்தாறு சாம்பல் நிறங்களை எட்டாக்கும்.

முகாமான பள்ளிக்கூடத்தில் படங்களைத் திறந்தேன். ஒன்றில் வாடிக் கூரைமேல் அகலமான கருங்கோடுகள், அலை அலையாக. கூரை தண்ணீரில் மூழ்கிவிட்டது என்று நினைத்தேன். சற்றுத் தள்ளி எடுத்த இன்னொன்றில் தண்ணீருக்கு நடுவே தெளிவான கோடு, வரம்பு போல. அங்கேதான் ஏறியிருப்பார்கள் என்று எஞ்சின் தோணிக்காரரை அனுப்பினேன்.

முக்கால் மணித்தியாலத்தில் தோணிக்காரர் போனில் அழைத்தார்.

"புள்ள, இஞ்ச வரம்பு ஒண்டுமில்ல. முழுக்கத் தண்ணி."

"வடிவாப் பாருங்கோ அண்ணே, கோடு கிடக்கே!"

"எங்க கோடு? எண்ட கழி அடியில முட்டுதில்ல."

அப்போதுதான் படத்தைத் திரும்பவும் பெரிதாக்கிப் பார்த்தேன். சேற்றுத் தண்ணீர் மெல்ல மெல்லக் கருத்துக்கொண்டு போயிருக்கிறது. எட்டே நிறம் என்றதும் அந்தச் சாய்வு படிகளாக உடைந்து, ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம் கோடாகிவிட்டது. இல்லாத விளிம்பு. மாணவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் நான் காட்டுகிற பிழை.

கூரையும் அப்படித்தான். தகரத்தின் மடிப்புகள் நாலு புள்ளிக்குச் சற்றுக் கூடிய இடைவெளியில் இருந்திருக்கும். ஒரு மடிப்புக்கு இரண்டு புள்ளிக்கு மேலாவது எடுத்தால்தான் அது மடிப்பாகத் தெரியும். நான் ஒன்றுதான் எடுத்தேன். எடுத்த புள்ளி ஒவ்வொரு முறையும் மடிப்பின் வேறு இடத்தில் விழுந்து, அது இல்லாத அகலக் கோடுகளைக் கட்டிவிட்டது. முன்னரே அக்கம்பக்கப் புள்ளிகளைச் சராசரியாக்கியிருந்தால் கோடுகள் மங்கியிருக்கும். அவசரத்தில் அதையும் விட்டிருந்தேன்.

"கூரைத் துண்டை மட்டும் வெட்டி அனுப்புங்கோ. ஒண்டையும் குறைக்காதேங்கோ" என்று நண்பரிடம் கெஞ்சினேன்.

வந்தது. காய்ந்த தகரம், நெருக்கமான மடிப்புகள். அதன்மேல் படுத்தபடி இரண்டு பேர். எட்டு நிறத்தில் அவர்களின் நனைந்த உடுப்பும் தகரமும் ஒரே நிறமாகிப் போயிருந்தன.

தோணி வாடிப் பக்கம் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் மட்டும்தான் கூரையில் இருந்தார். எஞ்சின் சத்தம் வேறு பக்கம் போவதைக் கேட்டு, தோணியைக் கூப்பிடுகிறேன் என்று மற்றவர் தண்ணீரில் குதித்தாராம். அதற்கு மூன்றாம் நாள் அவருடைய உடலைப் பாலத்தடியில் எடுத்தார்கள்.

செத்தவீட்டில் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தோணி ஏன் தங்கச்சி அங்கால போனது?"

"நான்தான் அனுப்பினன் அக்கா" என்றேன். அவர் கையை எடுக்கவில்லை.