தேய்த்து வைத்த இடது கால்

திருப்பதி அனிமேஷன் ஸ்டூடியோ ஒன்றில் கௌசிகாவுக்கு வேலை. வீடியோ கேமில் வரும் விவசாயிக்காக, பாலசமுத்திரத்துத் தனசேகரின் உடம்பில் அசைவைக் காட்டும் சிறு பொட்டுகள் ஒட்டி, அவர் நடையைக் கேமராக்களில் பதிவு செய்திருந்தார்கள். கணினியில் ஃபில்டர் போட்டதும் பதிவின் நடுக்கம் அடங்கியது. ஆனாலும் திரையில் விவசாயி உருவத்தின் ஊன்றிய பாதங்கள் தரையில் வழுக்கின. ஊன்றும் நேரமெல்லாம் இரு பாதங்களையும் அசையாமல் நிறுத்தி, முழங்கால்களை அதற்கேற்ப மடக்கினாள். வழுக்கல் போனது, கூடவே அந்த நடையில் இருந்த தனசேகரும் போய்விட்டார்.

அவர் நடந்தபோது எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். போலியோ தாக்கிய இடது காலை அவர் நிஜமாகவே தரையில் தேய்த்து நடந்தார். உருவத்தின் அந்தப் பாதத்தை விடுவித்து, வலதை மட்டும் நிறுத்தினாள்.

திரையில் இன்னும் முகம் வரையாத உருவம் இடது காலைத் தேய்த்து நடந்தது.

பார்க்க வந்த தனசேகர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "மூஞ்சே இல்ல பாப்பா. ஆனா நான்தான் நடந்துக்கினு போறேன்!"