பூர்ணிமா அனுப்பாத மின்னஞ்சல்

"முதலாளி சொன்னதைப் பூர்ணிமா மாத்தி எழுதுனான்னு யாரு சொன்னது, அம்சம்? நீ பக்கத்துல இருந்தியா? நான் இருந்தேன்."

"ஊரே சொல்லுதுக்கா" என்றாள் பக்கத்து வீட்டு அம்சம்.

ஊர் சொல்லட்டும். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

பூர்ணிமா எங்கள் மாடியறையில் மூன்று வருஷம் குடியிருந்தாள். ஒரத்தநாட்டுப் பக்கம் விதைநெல் கம்பெனி வைத்திருக்கும் துரைராசுவுக்குக் கடிதம் எழுதுவது அவள் வேலை. அவர் காரில் போகிறபோது போனைப் பார்த்துப் பேசுவார். போன் அதை எழுத்தாக்கி இவளுக்கு அனுப்பும். ஒரு முற்றுப்புள்ளிகூட இருக்காது என்பாள். 'வந்து', 'அதாவது' எல்லாம் அப்படியே கிடக்கும். பாதிப் பேச்சு அறுந்து நிற்கும். இவள் களையெடுத்து மின்னஞ்சலாக்கி, என்னிடம் ஒருமுறை வாசித்துவிட்டு அனுப்புவாள். அவர் நடுவில் திருத்திப் பேசினால் கடைசியாகச் சொன்னதை வைத்துக்கொள்வாள். அறுந்து நிற்பதை மட்டும் தானாக முடிக்க மாட்டாள்; போன் போட்டுக் கேட்பாள்.

குறுவை நடவுக்கு முன்பு, சீர்காழி விதைக்கடை அல்லா பிச்சை முளைப்பு எவ்வளவு என்று கேட்டிருந்தார். துரைராசுவின் பதிலை முதலில் வந்தபடியே எனக்கு வாசித்தாள்.

"வணக்கம் பாய் வந்து அந்த நாப்பது மூட்டை அதாவது முளைப்பு அறுபத்தொண்ணு இல்ல இல்ல எண்பத்தொண்ணு டெஸ்ட் பேப்பர் வந்து அதை"

பிறகு களையெடுத்து வாசித்தாள்: "வணக்கம். தாங்கள் கேட்ட நாற்பது மூட்டை விதையின் முளைப்புத்திறன் எண்பத்தொரு சதவீதம்." துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி இருந்தது. அறுந்த கடைசி வரிக்காக ஸ்பீக்கரில் போன் போட்டாள்.

"சார், முளைப்பு டெஸ்ட் பேப்பரையும் சேத்து அனுப்பணுமா?"

"வேணாம்மா. அந்த வரியை எடுத்துடு."

"அப்ப பேப்பரைப் பாத்து நம்பரை ஒரு தடவை சொல்லிடுங்க சார்."

"பேப்பர்ல அறுபத்தொண்ணு இருக்கு. நான் சொன்னது எண்பத்தொண்ணு. நீ என் பேச்சத்தானே எழுதுற?"

எண்பதுக்குக் குறைந்தால் சான்று விதையாகத் தேறாது என்பது நாற்று விடுகிற எனக்கே தெரியும். அரிசி புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தேன். அவள் போனை வைத்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

"மூணு வருஷமா எத்தனை 'இல்ல இல்ல' எடுத்திருக்கேன், அம்மா. எல்லாம் வாய் தவறினதுன்னு நினைச்சேனே."

கொஞ்ச நேரத்தில் அவரே கூப்பிட்டார். "போயிடுச்சா?"

"போகாது சார்."

"அப்ப நாளைக்கு நீயும் வேணாம்."

மறுநாள் காலையில் கம்பெனி லேப்டாப்பை என்னிடம் கொடுத்து, ஆள் வந்தால் தரச் சொன்னாள். பையில் ஒரு மாற்றுப் புடவைதான் இருந்தது.

"சீர்காழிக்கா? போன்ல சொன்னா போதாதாடி?"

"இதுவரைக்கும் நான் எழுதினதையெல்லாம் நம்பித்தானே பாய் வித்தாரு. எதிர்ல நின்னு சொல்லணும்."

இட்லியைத் தொடக்கூட இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.